நான் போட்ட பூட்டு எனக்கே திறக்கவில்லை

பாலக்கரையிலும் தென்னூரிலும் நம்மவர்கள் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத் தரகர் வஹீதா என்றால் திருச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். யாருடைய சின்னம்மா மகள் யார் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள், எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணை ஏன் வேண்டாம் என்றான், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. இவ்வளவு ஞாபகம் உள்ள தலைதான், முந்தின நாள் தானே போட்ட ஆறு இலக்க எண்ணை மறந்துவிட்டது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் படத்தை யாருக்கும் அனுப்ப மாட்டேன். என் போனில் வைத்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் என் கையில் பிடித்தபடியே காட்டிவிட்டு, திரும்பக் கொண்டு வந்துவிடுவேன். படம் வேறு எங்கும் போகாது என்று தாய்மார்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். படங்கள் கூகுளில் தானாகச் சேர்ந்துகொள்ளும் வசதியையும் வாட்ஸ்அப் பேக்கப்பையும்கூட அணைத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அந்தக் கெட்டிக்காரி போனைத் திறக்க வைத்திருந்த பின் நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

தென்னூரில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தால், மாப்பிள்ளையின் தம்பி வசீம் என் போனைத் திறந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “சும்மா போட்டுப் பார்த்தேன், திறந்துடுச்சு” என்று சிரித்தான். போனைப் பிடுங்கிக்கொண்டு, அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து, கோபம் அடங்காமல் புது நம்பர் போட்டேன். யாருடைய பிறந்த நாளும் இல்லை, எந்த வீட்டு எண்ணும் இல்லை. ஷைத்தானாலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஷைத்தான் சமாச்சாரம் தெரியாது, என்னால் முடியவில்லை.

அன்று முழுவதும் கைரேகையிலேயே திறந்ததால் நம்பரை நினைக்க வேண்டி வரவில்லை. ராத்திரி சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. காலையில் உயிர் கொடுத்தால் பின் நம்பரைக் கேட்கிறது. விரலை வைத்துத் தேய்த்தேன், துடைத்துவிட்டுத் தேய்த்தேன். அணைந்து எழுந்த போனுக்கு முதலில் பின் நம்பர்தான் வேண்டுமாம். தோன்றியதையெல்லாம் போட்டேன். முதலில் கொஞ்ச நேரம் பொறு என்றது. பிறகு ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கச் சொல்லும் நேரத்தை நீட்டிக்கொண்டே போனது. என் மாமியாரிடம்கூட நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

அன்று சாயங்காலம்தான் ஜெஸிமாவின் மகள் ஷஹனாஸ் படத்தை ஹாலித்தின் அம்மாவுக்குக் காட்ட வேண்டும். ஹாலித் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிற நல்ல பையன். படம் தரவே மாட்டேன் என்றிருந்த ஜெஸிமாவிடம் எத்தனையோ தடவை நடந்து, கடைசியில்தான் வாங்கினேன். அந்தப் படம் இப்போது போனுக்குள். நான் வெளியே.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிராங்க்ளின் என்பவர் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். போய் நின்றதும் “போன் உங்களுதுதானாக்கா? பில் இருக்கா?” என்று கேட்டார். மாப்பிள்ளைகளிடம் சம்பளச் சீட்டு வரை கேட்கிற என்னிடம் ஒரு பில் இல்லை. என் எண்ணுக்கு அவர் போனிலிருந்து அழைத்தார். பூட்டிய போன் மணியடித்தது, திரையில் என் மகள் எப்போதோ ஒட்டிவைத்த என் படமும் தெரிந்தது. அதை என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“படம் போகாம திறந்து குடுங்க தம்பி.”

“அது முடியாதுக்கா. பழைய பின்னைப் போட்டாத் திறக்குற போன் சிலது இருக்கு, மாத்தின புதுசுல மட்டும். இதுல அந்த வசதி இல்ல. முழுசா அழிச்சாத்தான் போன் உங்க கைக்கு வரும். உள்ள இருக்கறது வராது.”

“கம்ப்யூட்டர்ல மாட்டி எடுக்கலாம்னாங்களே?”

“உள்ள இருக்கறதெல்லாம் அந்தப் பின்னோட சேர்த்துப் பூட்டினது. பின் இல்லாம வெளிய எடுத்தாலும் குப்பைதான். எடுத்துத் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்கம்பாங்க. அப்புறம் அழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்வளவு படிச்சு, இத்தனை மெஷின் வச்சிருக்கீங்க, ஒரு பூட்டைத் திறக்க முடியலையா?”

“திறக்க முடிஞ்சா என்னக்கா பண்ணுவீங்க? திறந்து நான் பாத்தா?”

எத்தனை தாய்மார்களுக்கு, யாரும் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன்! இப்போது யாராலும் பார்க்க முடியவில்லை என்று கடையில் நின்று சண்டை போடுகிறேன். ‘ரெண்டு நாள் விட்டுவிட்டுப் போனால் என்ன’ என்று ஒரு கணம் ஆசை வந்ததும் நிஜம்தான். இத்தனை பெண்களின் முகத்தை முன்பின் தெரியாதவன் மேசையில் விட்டுவிட்டு வரப் பார்த்த என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

“அழிச்சுடுங்க.”

“அவசரப்படாதீங்க. அழிச்சதும் இதுல இருந்த கூகுள் கணக்கைக் கேக்கும். இல்ல, நீங்க மறந்த அந்தப் பின்னைக் கேக்கும். ரெண்டும் தெரியலேன்னா போன் வெறும் செங்கல். திருடனுக்காக வச்சது, மறந்தவங்களுக்கும் அதே கதிதான்.”

மெயில் ஐடி என் விசிட்டிங் கார்டிலேயே இருந்தது. பாஸ்வேர்ட், என் வீட்டுக்காரர் என்றோ விற்ற ஸ்கூட்டரின் நம்பர். அது சுத்தமாக ஞாபகம் இருக்கிறது! அழிக்கும் முன் அது சரிதானா என்று பார்க்க, பிராங்க்ளின் என் சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டார். நான் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைத் தட்ட, சிம்முக்கு வந்த கோட் எண்ணையும் போட, கணக்கு திறந்தது. தொடர்பு எண்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. படம் ஒன்றுகூட இல்லை, நான்தான் அணைத்து வைத்தேனே. கடைக் கம்ப்யூட்டரில் என் கணக்கை மறக்காமல் மூடினார்.

போனை அணைத்து, பக்கவாட்டுப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ஒரு கறுப்புத் திரைக்குக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் அழிக்கும் வரியில் வந்து நின்றார். “நானே அழுத்தறேன்” என்றேன். அழுத்தினேன்.

போன் புதுசாக எழுந்து, கணக்கைக் கேட்டு, என்னை ஒப்புக்கொண்டது. நேராகப் பாலக்கரைக்கு, ஜெஸிமா வீட்டுக்குப் போனேன். பொய் சொல்ல வழியெல்லாம் யோசித்தேன். போன் தண்ணீரில் விழுந்தது என்றால் முடிந்தது. ஆனால் வசீம் பார்த்ததைத் தண்ணீர் கழுவாது.

“ஜெஸிமா, ஒரு பையன் என் போனைத் திறந்துட்டான். ஷஹனாஸ் படம் வரைக்கும் போனானான்னு தெரியல. அந்தக் கோவத்துல பின்னை மாத்தி, அதையும் மறந்து, இன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்து நிக்கிறேன்.”

அவள் முகம் சுருங்கியது. “கடைக்காரர் பாத்தாரா?”

“அவராலயும் திறக்க முடியல. நான் கெஞ்சினேன், முடியாதுன்னுட்டார்.”

“வேற ஆளைப் பாத்துக்கறீங்களா?” என்று நானே எழுந்தேன். இந்தத் தொழிலில் இதுவரை எனக்குக் கண் கலங்கியதில்லை.

“உக்காருங்க வஹீதாக்கா. மொதல்ல இருந்த பின் என்ன?”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

ஜெஸிமா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து ஷஹனாஸ் படத்தைத் தேடினாள். அனுப்பப் போன விரல் நின்றது.

“இப்ப புதுசா என்ன நம்பர் வச்சிருக்கீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

“ஞாபகம் இருக்கு. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அதற்குப் பிறகுதான் படத்தை அனுப்பினாள்.