இராக்கம்மாவின் ஒன்பது மணித்தியாலம்

தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் மருந்துக்காரனாக இருந்தேன். யாழ்ப்பாணத்துச் செல்வரத்தினம் என்றால் அங்கே ஒருவருக்கும் தெரியாது, ‘டாக்டரய்யா’ என்றால்தான் தெரியும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் இராக்கம்மாவை நினைத்தால் கோபமெல்லாம் என் மேல்தான் வருகிறது.

இராக்கம்மா பிள்ளைக் காம்பராவின் உதவி ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் பதினொரு குழந்தைகள் அவள் பொறுப்பு. மத்தியானம் ஒரே சட்டியில் சோறும் பருப்பும் பிசைந்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரே கையால் ஒவ்வொரு வாயிலும் கவளம் வைப்பாள். பார்க்கவே நன்றாக இருக்கும். அந்தக் கைதான் வில்லங்கமாயிற்று.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு ஒரு நாள் வாந்தியும் பேதியும். நின்ற மறுநாள் காலையில் என்னிடம் வந்தாள். “நிண்டிட்டுதுதானே, வேலைக்குப் போ” என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பதினொன்றில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாந்தி. தோட்டத் தொழிலாளி கந்தப்பனின் கைக்குழந்தை பதுளை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் சேலைனோடு கிடந்து பிழைத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க இராக்கம்மாவின் கையைத் திட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிற்பாடு பதுளையில் நடந்த ஒரு வகுப்பில்தான் நோரோ என்ற வைரஸைப் பற்றிக் கேட்டேன். வாந்தி நின்ற பிறகும் அது மலத்தில் வந்துகொண்டே இருக்கும், வாந்தியும் பேதியும் கடைசியாக நின்று நாற்பத்தெட்டு மணித்தியாலம் போகும்வரை வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகக்கூடாது என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த துண்டுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாயிரத்து ஐந்து. பெரிய ஆயா ஓய்வு பெற, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்துத் துரை பிள்ளைக் காம்பராவுக்கு வருவதாக இருந்தது. இராக்கம்மா ஆசையாய்க் காத்திருந்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் ஜெயரூபன் வாந்தியெடுத்தான். சோதித்துப் பார்க்க வசதியில்லை, ஆனால் போக்கு அதேதான்.

அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். டெற்றோல் ஊற்றினால் போதுமென்று நினைத்திருந்தாள். போதாது என்று சொல்லி, தண்ணீர்த் தாங்கிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கொடுத்தேன். மூக்கை மூடிக்கொண்டு, கையில் பொலித்தீன் பையை மாட்டி, வாந்தியைப் பழந்துணியால் வழித்தெடுத்து எரித்தாள். ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தரையில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தாள். கதவுத் தாழ்ப்பாள், செம்பு, கக்கூஸ் வாளியின் பிடி, ஒன்றையும் விடவில்லை. துணிகளை எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே கொதிநீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றினாள். பையனுக்கு ஜீவனி உப்புத்தூள் கரைத்து மிடறு மிடறாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். இருந்தும் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புமுன்பே அவளுக்கும் வந்துவிட்டது. கடைசி வாந்தி மாலை ஐந்து மணிக்கு.

விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தெட்டு முடிவது புதன் மாலை ஐந்து. துரை வருவது காலை எட்டு. ஒன்பது மணித்தியாலம் குறைகிறது! செவ்வாய் முழுக்க இருப்புக் கொள்ளாமல் மருந்தறைக்கும் லயத்துக்கும் நடந்தேன். தேதியை மாற்றச் சொல்லித் துரையிடம் கேட்டேன், முடியாது என்றார். கடைசியில் துண்டுப் புத்தகத்தோடு அவள் வாசலில் நின்றேன்.

“ஒன்பது மணித்தியாலம்தானே. சுகம் எண்டு எழுதித் தாறன், போ.”

அவள் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மொதத் தடவயும் நீங்கதாங்க எழுதிக் குடுத்தீங்க. வேணாங்கய்யா.”

அவமானமாக இருந்தது. இரவெல்லாம் புரண்டேன். புதன் காலை ஆறு மணிக்கு, வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களெல்லாம் கூடி நின்ற பெரட்டுக்களத்துக்குப் போனேன். துரையும் நின்றார். தொண்ணூற்றெட்டில் பிள்ளைகளுக்கு நோய் வந்தது இராக்கம்மாவின் குற்றமல்ல, அவளை வேலைக்கு அனுப்பியது என் கையெழுத்து, இன்றைக்கு அவள் வராதது உங்கள் பிள்ளைகளுக்காக என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கந்தப்பன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். துரை தலையாட்டினார், ஆனால் நாள் மாறவில்லை. வேலை அன்று வந்து நின்ற சிவசக்திக்குப் போனது.

அப்போதும் காம்பராவில் பதினொரு பிள்ளைகள்தான், அந்த முறை ஒன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. வியாழன் காலை இராக்கம்மா பழையபடி உதவி ஆயாவாகவே வந்தாள், கையில் பிள்ளைக்கொன்றாகப் பதினொரு கரண்டியோடு. பெரட்டில் நான் பேசியது அவள் காதுக்கு எட்டியிருந்தது. நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், வெட்கக்கேடு. கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கிவிட்டுக் கேட்டாள்.

“இதச் சொல்ல ஏழு வருசமாச்சுங்களாய்யா?”