இருவருக்கு ஒரே கடிதம்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், பேராசிரியர் அனுப்பிய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது: "ரெண்டு பேரும் உடனே டிபார்ட்மென்ட்டுக்கு வாங்க."

இரண்டு பேர் என்றால் நானும் என் விடுதி அறைத்தோழியும். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் முதுகலை இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். அவள் முத்துப்பேட்டைக்காரி, அவளுடைய அப்பா கத்தாரில் இருக்கிறார். வெளிநாட்டில் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கிய ஆய்வுப் படிப்புக்கு நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். இடமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தால்தான் எங்கள் வீடுகளில் அனுப்புவார்கள்.

பேராசிரியர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மின்னஞ்சல், மிக மரியாதையான ஆங்கிலத்தில். இரு மாணவிகளுக்காகத் தாங்கள் அளித்த பரிந்துரைக் கடிதங்கள் பெயரைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றன. இவை தாங்களே எழுதியவையா என்று தெரிவிக்கவும். வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்பினால் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும்.

என் கடிதத்தை எழுதியது நான்தான். அவளுடையதை அவள். எங்கள் துறைக் கணினியில் ஒரு கோப்பு உண்டு. எந்த ஆண்டு யார் தட்டச்சு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால், "நீயே எழுதிட்டு வாம்மா, பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். மாணவர்கள் அந்தக் கோப்பைத் திறந்து பெயரையும் ஆண்டையும் மாற்றுவார்கள். சோம்பல் என்று சொல்ல மாட்டேன். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகளுக்கு இடையில் அதுவே துறையின் வழக்கமாகிவிட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நாங்களும் அதையே செய்திருந்தோம். பல்கலைக்கழகம் அனுப்பிய இணைப்பின் வழியாகப் பேராசிரியர் இரண்டையும் ஒரே மாலையில் பதிவேற்றியிருந்தார், அதுவும் கல்லூரி முகவரி அல்லாத தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து.

"ரெண்டு பேருமே கடின உழைப்பாளி, ரெண்டு பேருக்கும் நல்லொழுக்கம், ரெண்டு பேருக்கும் தலைமைப் பண்பு" என்று படித்தார் பேராசிரியர்.

"இவளுக்குத் தலைமைப் பண்பா மேடம்?" என்றாள் தோழி. "ரூம்ல ஃபேனைப் போடறதுக்கே மூணு பேர்கிட்ட பர்மிஷன் கேப்பா."

பேராசிரியர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "தப்பு என்னோடது. அதையும் எழுதி அனுப்பிடறேன். புதுசா நானே எழுதறேன். ஆனா என்ன எழுதறது? இந்த மாதிரி நான் எழுதினதே இல்லையேம்மா" என்றார்.

மின்னஞ்சலோடு, பரிந்துரைப்பவருக்கான குறிப்புகள் ஒரு பக்கம் இணைக்கப்பட்டிருந்தன. அவர் அதை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டார். இந்த மாணவியை எத்தனை காலமாக, எந்த முறையில் அறிவீர்கள்? யாரோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறீர்கள்? நீங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல முடியுமா? எதில் அவர் இன்னும் வளர வேண்டும்? குடும்பம், மதம், தோற்றம் பற்றி எழுத வேண்டாம் என்றும் இருந்தது. பழைய கோப்பில் 'மதிப்பிற்குரிய குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்ற வரி உண்டு. நான் அதை நீக்கவில்லை.

தோழிக்கு எழுதுவது கடினமாக இல்லை. முதல் பருவத்தில் ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேராசிரியர் சொன்னதை அவள் மறுத்து, அடுத்த நாள் மூலத்தையும் கொண்டுவந்து வரிக்கு வரி காட்டியிருந்தாள். வகுப்பே பார்த்த காட்சி அது. அவர் உடனே குறித்துக்கொண்டார்.

என் பக்கம் திரும்பியபோது பேனா நின்றது.

"மூணு செமஸ்டரா உன்னைத் தெரியும். இருபத்திரண்டு பேர்ல நீ முதல் மூணு பேருக்குள்ள வருவே, அதைத் தயங்காம எழுதுவேன். ஆனா அது மார்க்கைப் பார்த்தாலே தெரியும். நான் கண்ணால பார்த்தது என்ன? நீ வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கறியேம்மா."

மூன்று பருவங்களில் நான் கேட்ட கேள்விகளை எண்ண ஒரு கை போதும். அமைதியானவள் என்று ஒரு வரி எழுதினால் அதை வைத்து யார் எனக்கு இடம் தருவார்கள்? வெளியே மழை பிடித்துக்கொண்டது. தோழி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"இவ எழுதினதைப் பாருங்க மேடம். பேசாததை எல்லாம் பேப்பர்லதான் கொட்டுவா" என்றாள்.

விடுதிக்கு ஓடி, திருத்தித் தந்த கட்டுரைகளை எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தேன். பேராசிரியர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டாம் பருவத்துக் கட்டுரையில் நின்றார். டெல்டாவைக் களமாகக் கொண்ட கதைகளில் மடை, வாய்க்கால், வரப்பு போன்ற சொற்களை ஆண் பாத்திரங்களே பேசுகின்றன என்று தொடங்கியிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில், மூன்று கதைகளில் பெண்கள் அச்சொற்களைப் பேசுவதைக் கண்டதாகவும், ஆகவே என் கூற்றைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதி, அந்த மூன்று கதைகளைப் பற்றிய கேள்வியோடு முடித்திருந்தேன். ஓரத்தில் அவருடைய சிவப்பு மை: 'முடிவு உறுதியாக இல்லை.' மதிப்பெண் இருபத்தைந்துக்குப் பதினான்கு.

அவர் ஒன்பதாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கா பதினாலு போட்டேன்?"

"ஆமா மேடம்."

"ஏன் வந்து கேக்கல?"

"நீங்க சொன்னது சரின்னு நினைச்சேன்."

"அதான் உன்கிட்ட கோளாறு" என்றார் அவர், கோபமில்லாமல். "தன் வாதத்தைத் தானே சோதிச்சு, தப்புன்னு தெரிஞ்சதும் விட்டுக்கொடுக்கறவங்க ஆராய்ச்சியில எத்தனை பேர்? அன்னைக்கு எனக்கு அது தெரியல. இப்ப தெரியுது. நீ விட்டுக்கொடுத்ததையும் நான் கவனிக்காததையும் எழுதறேன். பதினாலு போட்டதையும் எழுதறேன்."

"குறைஞ்ச மார்க்கை எதுக்கு மேடம் சொல்லணும்?" என்றாள் தோழி.

"அது இன்டர்னல் மார்க்கா மார்க் ஷீட்ல இருக்கும்மா. மறைச்சா மீதியையும் நம்ப மாட்டாங்க. வகுப்புல பேச இவ இன்னும் பழகணும், அதையும் எழுதுவேன்."

அன்று மாலை அவர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். இடையில் ஒருமுறை வெளியே வந்து, அந்தக் கட்டுரையை எந்த மாதம் கொடுத்தேன் என்று மட்டும் கேட்டார். ஐந்தரை மணிக்கு எங்களை அழைத்தார். கல்லூரி முகவரித்தாளில் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம், தேதியும் பதவியும் கையெழுத்துமாக இரண்டு கடிதங்கள். இம்முறை கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்பப்போவதாகச் சொன்னார்.

"படிச்சுப் பார்க்கறீங்களா?"

கை நீட்டத் தோன்றியது. விண்ணப்பத்தில், பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்ற கட்டத்தை நான்தான் குறித்திருந்தேன்; குறித்துவிட்டு அந்தக் கடிதத்தை நானே எழுதியும் இருந்தேன்.

"வேண்டாம் மேடம்" என்றேன். தோழி என்னை முறைத்தாள். பிறகு அவளும் வேண்டாமென்றாள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு கடிதங்கள் தேவை. இரண்டாவதை, எனக்கு இளங்கலையில் பாடம் எடுத்த ஆசிரியர் தர வேண்டும். திருப்பனந்தாளில் இருக்கிறார். அவரும் என்னையே எழுதிவரச் சொல்லியிருந்தார். அதே கோப்பிலிருந்து எழுதியது, கையெழுத்துக்காக என் பையில் தயாராக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்தேன். இளங்கலைக் கால விடைத்தாள்களையும், அவரிடம் எந்தெந்தப் பருவத்தில் எதைப் படித்தேன் என்று தேதியோடு எழுதிய ஒரு பக்கத்தையும், விண்ணப்பக் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு கும்பகோணம் பேருந்தில் ஏறினேன். அங்கே வண்டி மாறித் திருப்பனந்தாள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. ஆசிரியர் கையில் பேனாவோடு வந்து, "எங்கம்மா லெட்டர்?" என்றார். கொண்டுபோன தாள்களை மேசைமேல் வைத்து, "நீங்க எழுதணும் சார்" என்றேன். அவர் சொன்னதற்கு மாறாக நான் அவரிடம் எதையாவது கேட்டது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பிரித்தார்.