வீட்டில் ஒத்துக்கவில்லை என்று நான் சொல்லவில்லை

இன்று மதியம், நான் காதலித்த செல்வத்திடம், பிரிந்துவிடலாம் என்று நேரிலேயே சொல்லிவிட்டேன்.

ஃபேக்டரி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் குன்றத்தூர் அக்கா காலையில் வேறு வழி சொன்னார். "நம்பர பிளாக் பண்ணிட்டு ஷிஃப்ட் மாத்திக்கோ. இல்லனா வூட்ல ஒத்துக்கலன்னு சொல்லிடு. எல்லாரும் அப்டித்தான் பண்ணிகினு கீறாங்க."

அப்படிச் சொன்னால் அவன் என் வீட்டைச் சம்மதிக்க வைக்க வருஷக்கணக்கில் காத்திருப்பான்.

அவன் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறவன். மனம் கலங்கி அங்கே நின்றால் கை போய்விடும். அதனால் நாளை அவனுக்கு வீக் ஆஃப் என்று தெரிந்துகொண்டு, இன்று ஷிஃப்ட் முடிந்ததும் ஒரகடம் டீக்கடைக்கு வரச் சொன்னேன்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. வேற யாரும் இல்ல. எனக்கு உன் மேல இருந்த பிரியம் போயிட்டு."

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போமே."

"பாத்துட்டுதான் சொல்லுதேன். காத்திருக்காத."

அழுதான். அவன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை நான் எழவில்லை. பிறகு அவனுடைய அறை நண்பனை வரவழைத்து அவனோடு அனுப்பினேன். இனி 'சாப்பிட்டியா' என்று மெசேஜ் அனுப்ப மாட்டேன். அது அக்கறை இல்லை, ஆசை காட்டுவது.

அக்காவுக்கு போனில் சொன்னேன். "நேர்ல உக்கார வெச்சு அழ வெச்சியா? கல்நெஞ்சுடி உனுக்கு."

இருக்கட்டும். செல்வம் என்று ஒருவன் இருப்பதே என் அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவை வில்லனாக்காமல் பிரிந்தவர்கள் யாராவது இருந்தால் கமென்டுக்கு வாருங்கள்.