ஒன்பது கோடுகள்

அன்று ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலையின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி, கணக்கப்பிள்ளை, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த பாய், நான். இல்லாதவர், என்னைத் தவிர பிரெஞ்சு படித்த இன்னொருவர். அப்படி ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

மார்செய் நகரத்துக் கம்பெனி ஒன்று சென்னையில் ஆள் வைத்து எங்கள் சரக்கை வாங்க முன்வந்திருந்தது. மாதம் இரண்டு மூன்று முறை அந்தப் பிரெஞ்சுத் துரை வருவார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. கூடவே நின்று, தோலைப் புரட்டிக் காட்டி, கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். மற்ற நாட்களில் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்த வேலை. சம்பளம் நாற்பது ரூபாய். கடிதம் எழுதுவதெல்லாம் சென்னை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும்.

அந்த வேலையைக் கேட்டு இரண்டு பேர் நின்றோம். பாய் சண்டைக் காலத்தில் கோவேறு கழுதை ஓட்டப் பட்டாளத்தோடு பிரான்சுக்குப் போனவர். நான்கு வருஷம் அங்கே இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தொட்டியில் இறங்கி இறங்கி அவருடைய விரல் நுனிகளில் தோல் உரிந்து, சோறு பிசையும்போது உப்பு பட்டால் கையை இழுத்துக்கொள்வார். அவருக்கு அந்தத் தொட்டியிலிருந்து கரையேற வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

நான் ஆவாரம்பட்டை மூட்டை சுமந்தவரின் மகன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். வேலூரில் வந்து தங்கியிருந்த புதுச்சேரிக் கோர்ட்டு குமாஸ்தா ஒருவரிடம் ஒன்றரை வருஷம் பிரெஞ்சு படித்தேன். அவர் எனக்குச் செய்யுள்களை ஓதிக் காட்டுவார். பிரெஞ்சில் ஒரு சொல்லின் கடைசி மெய் சாதாரணமாக ஊமை. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் சில இடங்களில் அந்த ஊமைக்கு வாய் வந்துவிடும், முன் சொல் பின் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். செய்யுள் ஓதும்போது அப்படி ஒட்டுவது ஏராளம். ஒட்டினால் படித்தவன், ஒட்டாவிட்டால் தெருவில் கற்றவன் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முதலாளி என்னையே பரீட்சை வைக்கச் சொன்னார். தானும் ஆசைப்படுகிற வேலைக்கு இன்னொருவரைச் சோதிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சரி என்றேன்.

நான் தமிழில் சொல்வேன், பாய் பிரெஞ்சில் சொல்வார். பென்சிலும் காகிதமும் என் கையில். "வேலையாட்கள் வந்துவிட்டார்கள்" என்றேன். "லேஸூவ்ரியே ஸோன் ஆரிவே" என்றார். வேலையாட்கள் என்னும் சொல்லை முன்னுள்ள, இங்கிலீஷ் 'தி' மாதிரியான 'லே'யோடு ஒட்டிவிட்டார். உருது பேசுகிறவர்கள் ஜமீன் என்னும்போது வரும் அந்த ஜகரம் அவர் வாயில் சுத்தமாக விழுந்தது. எனக்கு அது இன்றைக்கும் சகரமாகத்தான் வரும். ஆனால் 'ஸோன்' என்பதன் கடைசி ஊமைத் தகரத்தை 'ஆரிவே'யோடு ஒட்டாமல் விட்டார். ஒரு கோடு போட்டேன். "பதினோரு கட்டும் இன்னும் வரவில்லை" என்றேன். பதினொன்றைக் குறிக்கும் 'ஓன்ஸு'க்கு முன்னால் 'லே'யை நிறுத்திப் பிரித்துச் சொன்னார். கோடு. இன்னும் இல்லை என்பதை 'பா ஆன்கோர்' என்று இடைவெளி விட்டுச் சொன்னார். கோடு. 'உம்' என்று பொருள்படும் 'ஏ' என்ற சொல்லின் தகரத்தை இரண்டு இடங்களில் விழுங்கினார். இரண்டு கோடு. மொத்தம் ஒன்பது.

"இன்னாப்பா, தப்பா பேசறாரா?" என்று முதலாளி கேட்டார்.

"புரியும் முதலாளி. ஆனா மரியாதையான பேச்சு இல்ல. ஒன்பது இடத்துல விட்டுட்டாரு."

பாய்க்குக் கோபம் வரவில்லை. "அங்க எல்லாரும் இப்டித்தான் பேசுவாங்க தம்பி," என்றார். "ரொட்டிக் கடைக்காரன்ல இருந்து ஆபீசர் வரைக்கும்."

"அது தெருப் பேச்சு பாய்."

கணக்கப்பிள்ளை, கழுதைக்கு எந்தப் பாஷை தெரியும் என்று மெல்லக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சலாம் சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினார். வேலை எனக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலமே என் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

துரை வியாழக்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் இலக்கணப் புத்தகத்தின் பின்பகுதியைப் பார்க்க உட்கார்ந்தேன். அந்தப் பக்கங்கள் விளிம்பு வெட்டாமல் ஒட்டியபடியே கிடந்தன. குமாஸ்தா அவ்வளவு தூரம் வரவில்லை. கத்தியால் பிரித்தேன். இந்த ஒட்டுக்களைப் பற்றி நான்கு பக்கம் இருந்தது. மூன்று வகையாம். 'லே' போன்ற சொல்லும் அதன் பின்வரும் பெயரும், 'நாங்கள்' 'அவர்கள்' என்பவையும் அவற்றின் வினையும் ஒட்டியே ஆக வேண்டும். 'ஏ'க்குப் பின்னால் ஒருபோதும் ஒட்டக் கூடாது. பதினொன்றுக்கு முன்னாலும் கூடாது. 'ஸோன் ஆரிவே', 'பா ஆன்கோர்' போன்றவை அவரவர் இஷ்டம்: மேடையில் ஒட்டுவார்கள், செய்யுளில் ஒட்டுவார்கள், சாதாரணப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

காகிதத்தை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது கோட்டில் ஆறு, இஷ்டப்பட்டால் ஒட்டலாம் என்ற இடங்கள். மூன்று, ஒட்டவே கூடாத இடங்கள். அவர் சரியாக விட்டதற்குத்தான் நான் கோடு போட்டிருந்தேன். ஒட்டியே ஆக வேண்டிய இடம் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் முதலாளி அறை வாசலைக் கடந்துதான் உள்ளே போனேன். ஒரு வார்த்தை போதும். செவ்வாயன்று உள்ளேயே நுழைந்துவிட்டேன். "இன்னாப்பா?" என்றார். ஒன்றுமில்லை, துரை எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்க வந்தேன் என்றேன்.

துரை வந்து இறங்கியதும், இப்போதுதான் வந்தேன் என்று சொன்னார்: 'ஸுய் ஆரிவே'. ஒட்டவில்லை. பாய் சொல்லியிருந்தால் நான் கோடு போட்டிருப்பேன். நான் பதிலுக்கு எல்லாவற்றையும் ஒட்டினேன், 'ஏ'யின் தகரத்தைக்கூட விடாமல். பதினோரு கட்டை 'லேஸோன்ஸ்' என்றேன். அவருக்குப் புரியாமல் போகவில்லை. சாவு வீட்டுக்குக் கிரீடம் வைத்துக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பணிவாகத் தலையசைத்தார்.

தொட்டிப் பக்கம் போனபோது, ஒரு தோல் ஏன் தடிப்பாக இருக்கிறது என்று கேட்டார். நான் செய்யுள் நடையில் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, கீழே தொட்டிக்குள்ளிருந்து பாய் பதில் சொன்னார். துரை அப்படியே குனிந்துவிட்டார். பத்து நிமிஷம் இருவரும் பேசினார்கள். மார்செய்த் துறைமுகம், மழை, ஒரு ரொட்டிக் கடை. துரை சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு வந்து, தொட்டி ஓரத்திலேயே முதலாளி என்னிடம் கேட்டார்.

"பாய் பேசினது சரியாத்தான இருந்திச்சு?"

பாய் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"துரை இவருக்காக எறங்கிப் பேசினாரு முதலாளி," என்றேன். "பெரிய மனுஷங்க பழக்கம் அது."

முதலாளி தலையாட்டினார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். பாய் என்னைப் பார்க்கவில்லை. மற்றக் கையையும் கழுவி முடித்துவிட்டு மறுபடி தொட்டியில் இறங்கினார். தெரியாமல் செய்த முதல் தப்புக்கு நான் இன்று வெட்கப்படவில்லை. இந்த ஒரு வரிக்குத்தான் வெட்கப்படுகிறேன்.

நான் பிறகு துரையிடமிருந்தே, அவர் ஒட்டாமல் விடுவதைக் கேட்டுக் கேட்டு, விடக் கற்றுக்கொண்டேன். கடைசியில் பாய் மாதிரியே பேசினேன். என் பிரெஞ்சு தேறிவிட்டது என்றார் துரை.

பாய் அதற்குப் பிறகு முப்பத்தோரு மாதம் தொட்டியில் இருந்தார். விரல் மடங்காமல் போன பிறகுதான் நின்றார். தொட்டி வேலைக்குச் சம்பளம் பதினெட்டு ரூபாய், எனக்கு நாற்பது. மாதம் இருபத்திரண்டு வித்தியாசம். கை போனதற்குக் கணக்குப் போட எனக்குத் தெரியாது. மற்றதைப் போட்டுப் பார்த்தேன். பாய் வீட்டுக்கு நான் வைத்த நஷ்டம் அறுநூற்று எண்பத்திரண்டு ரூபாய்.