அடின்னா எதுங்க?

அவளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. திருச்செங்கோட்டில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவளும் நானும் ஒரே வருடம் நர்ஸாகச் சேர்ந்தோம். நான் குமாரபாளையம், அவள் இளம்பிள்ளை. டியூட்டி முடிந்து கிளம்பும்போதுகூட இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். எனக்கோ உள்ளே நுழைந்த அரை மணியில் தலை கலைந்துவிடும். போதாததற்கு அவள் நல்லவள் வேறு. நாலு கெட்ட குணம் இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

எங்கள் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு நாங்கள் இருவர்தான் நின்றோம். பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதயம் நின்றுபோன நோயாளியை யார் சரியாகக் கையாள்கிறாரோ அவர்தான் இன்சார்ஜ். முதலில் கேள்வி, பிறகு பயிற்சிப் பொம்மை.

"நெஞ்சை எவ்வளவு ஆழம் அமுக்கணும்?" என்று அவளிடம் கேட்டார்.

"அஞ்சு சென்டிமீட்டருக்குக் கொறையக் கூடாதுங்க சார், ஆறத் தாண்டக் கூடாதுங்க. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர உடோணுங்க."

எனக்கும் தெரிந்ததுதான். என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

என் முறைக்கு, எந்தத் துடிப்புக்கு ஷாக், எதற்கு இல்லை என்று கேட்டார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். "மானிட்டர்ல கோடு தாறுமாறா நடுங்குனா ஷாக்குங்க. நாடி இல்லாம வேகவேகமா ஓடுனாலும் ஷாக்குங்க. நேர்கோடா இருந்தா ஷாக் இல்லீங்க. கோடு ஒழுங்கா ஓடி நாடி மட்டும் இல்லீன்னாலும் ஷாக் இல்லீங்க." அட்ரினலின் ஊசி எப்போது என்றார். ஷாக் இல்லாத வகைக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், ஷாக் உள்ள வகைக்கு இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு, அதன்பின் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றேன். தலையாட்டினார். அதுவரை இருவரும் சமம்.

பொம்மையின் தோளில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஆழம் சரியாக இருந்தால்தான் பச்சையாக எரியும். அவள் அமுக்கியபோது அது எரிவதும் ஏமாற்றுவதுமாக இருந்தது. அவளுக்கு மெலிந்த கை. "கொஞ்சம் ஆழம் பத்தல" என்று டாக்டர் அத்தோடு விட்டுவிட்டார். நான் ஏறி அமுக்கினேன். விளக்கு ஒரு அழுத்தத்தைக்கூடத் தவறவிடவில்லை. உள்ளுக்குள் துள்ளினேன்.

கடைசியாக, தலைமை தாங்கி எல்லோருக்கும் வேலை சொல்ல வேண்டும். திரையில் நேர்கோடு. ஷாக் கூடாது, மருந்து உடனே. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஊசியோடு நின்ற சிஸ்டரைப் பார்த்து, "அடிங்க" என்றேன்.

எங்கள் வார்டில் எல்லாமே அடிதான். நெஞ்சை அமுக்குவதும் அடி, ஷாக்கும் அடி, அவசரத்தில் ஊசிக்கும் அதே வார்த்தை. ஷாக் மெஷின் பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் நான் சொன்னது தனக்கென்று நினைத்துப் பட்டனை அமுக்கிவிட்டார்.

"நேர்கோட்டுக்கு ஷாக்கா சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"நான் ஊசியச் சொன்னேனுங்க சார்!"

அப்போது பின்னாலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது. "அடின்னா எதுங்க சிஸ்டர்?"

கேலியாகக் கேட்டிருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் முறையில் எதுவும் பிசகவில்லை, பதவி அவளுக்குப் போனது. இன்சார்ஜ் ஆனதும் அவள் போட்ட முதல் சட்டம், அவசரத்தில் யாரும் 'அடி' என்று சொல்லக் கூடாது என்பதுதான். அமுக்கு, ஷாக், மருந்து, இந்த மூன்று சொற்கள் மட்டும். யாருக்குச் சொல்கிறோமோ அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் சறுக்கிய இடத்தில் அவள் பெயர் எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாகப் பொம்மை மேல் குனிந்து அமுக்கிக்கொண்டிருப்பதைச் சில நாள் பார்த்தேன். யாருக்குக் காட்ட இந்த வேஷம் என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தார். கூட மனைவி. மானிட்டர் ஒயரை ஒட்டி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. கழுத்தில் நாடி இல்லை. திரையில் கோடு தாறுமாறாக நடுங்கியது.

டியூட்டி டாக்டர் தலைமாட்டில் மூச்சுப் பையைப் பிடித்துக்கொண்டார். வேலை சொல்வதை அவளிடம் விட்டார். மெத்தை அமுங்கி ஆழத்தைத் தின்றுவிடாமல் முதுகுக்குக் கீழே பலகையைத் தள்ளச் சொன்னாள். என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்க அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். மெஷின் தயாரானதும் எல்லோரையும் விலகச் சொல்லி, ஷாக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்த கையோடு, நாடி பார்க்க நிற்காமல், மறுபடி அமுக்கச் சொன்னாள். என் கைக்கடியில் எலும்பு ஒன்று முறிந்தது தெரிந்தது. நிறுத்தவில்லை.

"மருந்து போட்ரலாங்களா?" என்று ஊசியோடு நின்ற சிஸ்டர் பதறினாள்.

"இருங்க, ரெண்டாவது ஷாக் ஆவட்டும்."

சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்னையும் வார்டு உதவியாளர் அண்ணனையும் மாற்றினாள். தான் மட்டும் ஏறவில்லை. மகாராணி கை அழுக்காகாது என்று வியர்வையோடு நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு அட்ரினலின் போனது. மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு, துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். அதற்கடுத்துப் பார்த்தபோது கோடு ஒழுங்காக ஓடியது. டாக்டர் கழுத்தில் விரலை வைத்து, "நாடி இருக்கு" என்றார்.

வெளியே நின்ற மனைவி ஓடி வந்து அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டார். "சாமி, நீதான் உசுரக் குடுத்த." நான் பின்னால் நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்தது.

பட்டறைக்காரரைச் சேலத்துக்கு அனுப்பி இதயக் குழாய் அடைப்பை எடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒரு தட்டு நாட்டுக்கோழி முட்டையோடு நடந்தே வந்தார். முட்டையை நேராக அவள் கையில் கொடுத்தார். எனக்குத் தெரியும், அங்கேதான் போகும்.

பிறகு விலாவைத் தடவிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க அம்மிணி, இந்த எலும்ப ஒடச்சது யாருங்க?"

அவள் என்னைக் காட்டினாள். "அவங்கதானுங்க."

எனக்கு முகம் சுட்டது. புகழ் அவளுக்கு, பழி எனக்கு என்று வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்த ஆழம் எனக்கு வராதுங்க. நானும் பொம்மைல தெனமும் அமுக்கிப் பாக்கறேன், வெளக்கு நின்னு எரிய மாட்டேங்குது. அன்னிக்கி நான் ஏறியிருந்தா நீங்க இன்னிக்கி முட்டை கொண்டாந்திருக்க முடியாதுங்க. அவங்க கையப் பாத்தாலே எனக்குப் பொறாமையா இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

அவர் அந்த நேரம் பார்த்துத் தும்மினார். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனித் தும்முனா உங்க நெனப்புத்தானுங்க அம்மிணி வரும்."

முட்டைத் தட்டு அவள் மேசைக்குப் போனது. போகட்டும். அவர் தும்மினால் அவள் நினைப்பு வராது.