ஆட்டுக்குக் காவல்

பேய், பிசாசு, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். நம் பக்கத்து நாசரேத் ஊரில் படித்து வளர்ந்த தமிழ் டீச்சர். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

புன்னைக்காயல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பாட்டு எழுதக் கேட்டார்கள். வருஷா வருஷம் சினிமா மெட்டில் ‘பாலன் பிறந்தார்’ என்று கத்துகிற ஊர். அவர்களுக்குத் தமிழ் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

முதலில் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டேன். ஆடு மேய்க்கும் ஆயர்களுக்குக் கீழ் ஸ்தாயி, எட்டு எண்ணிக்கையில் ஒரு கேள்வி. வானதூதருக்கு அதே மெட்டு, மேல் ஸ்தாயியில், எட்டு எண்ணிக்கையில் பதில். மேலே இழுத்துப் பாடும் இடத்தில் குறில் நிற்காது, நெடில்தான் வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆயராக நடித்த சூசை அண்ணாச்சி மீன்பிடிக்கிறவர். ஆட்டைக் கறியாகத்தான் பார்த்திருப்பார். அவர் கேட்டார்:

“பாலனப் பாக்க எல்லாரும் குடிலுக்குப் போயிட்டா ஆட்ட யாரு பாக்கா டீச்சர்? கரையில ஒருத்தன நிறுத்தாம நாங்க வள்ளத்த விட்டுட்டுப் போவமா?”

சிரித்தேன். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்: ‘ஆட்டைவிட்டு நாங்கள் வந்தால் ஆரிருப்பார் காவல்?’ பதில்தான் அமையவில்லை. ‘பரமபிதா’ என்று போட்டால் குறிலாகக் குவிந்து மெட்டு நொண்டியது. நான்கு நாள் அடித்து அடித்து எழுதினேன். எனக்கே வராத வரியா என்று எரிச்சல். கடைசி ஒத்திகையில் அந்த எட்டு எண்ணிக்கையை வெறும் ஆர்மோனியத்தால் ஓட்டிவிடலாம் என்றேன்.

“பதில் வராம நா நகர மாட்டேன்” என்றார் அண்ணாச்சி. மறுநாள் நாடகம். தலைக்கனம் பிடித்த மனுஷன்.

அப்போது சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். அவர் கேள்வியைப் பாடினார். நான் எண்ணிக்கொண்டே வாசித்தேன். தெர்மாகோல் ஆடுகளை அடுக்கியிருந்த மூலையிலிருந்து மேல் ஸ்தாயியில், சுருதி பிசகாமல் ஒரு குரல் வந்தது:

‘போயிட்டுவா போயிட்டுவா நாநிக்கேனே காவல்.’

எழுத்துக்கு எழுத்து மெட்டில் உட்கார்ந்தது. இழுக்கும் இடமெல்லாம் நெடில். அதுவும் நான் பாட்டில் சேர்க்கவே கூடாது என்றிருந்த பேச்சுத் தமிழில். அண்ணாச்சி கோலைக் கீழே வைத்துவிட்டுக் குடிலுக்கு நடந்தார். தூதராக நின்ற பிள்ளை, “நா பாடலயே டீச்சர்” என்றாள். மூலையில் போய்ப் பார்த்தேன். ஆடுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஒத்திகையை என் போனில் பதிவு செய்திருந்தேன். அந்த எட்டு எண்ணிக்கையில் ஆர்மோனியம் மட்டும்தான் கேட்கிறது. முடிந்ததும் அண்ணாச்சி மெதுவாக, “சரி” என்கிறார்.

இப்போது சுற்று ஊர்களிலும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், என் பெயர் போட்டு. பாராட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறார்கள். மற்ற வரிகளை எழுதியது நான்.