நாற்காலி கேட்டு எழுதிய கடிதம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நான் மேனேஜராக இருந்த ஜவுளி, பாத்திரக் கடையில், மேனேஜருக்கும் நாற்காலி கிடையாது. ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு தளத்திலும் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அவற்றின் மேல் தள்ளுபடி அட்டைகள் உட்கார்ந்திருந்தன. காலை ஷட்டர் தூக்குவதிலிருந்து இரவு கணக்கு முடிப்பது வரை நின்றே பழகிய எனக்கு, கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டன. நிற்காதீர்கள் என்றார் டாக்டர். அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

அப்போதுதான் எச்.ஆர். வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். தபால் வழியில் எப்போதோ அதில் ஒரு டிப்ளமோ முடித்து வைத்திருந்தேன். கடையில் நான் செய்ததும் அந்த வேலைதானே என்று ஒரு நினைப்பு. ஆள் எடுப்பது, புதிதாக வந்தவளுக்கு சேலை மடிக்கவும் கோபக்காரரிடம் பேசவும் கற்றுக்கொடுப்பது, ஷிப்ட் போடுவது, தீபாவளி நேரத்தில் யாருக்கு லீவு என்று வரும் சண்டையைத் தீர்ப்பது. பெயர்தான் வேறு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ஒயர் தொகுப்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆள் கேட்டிருந்தார்கள். பயோடேட்டாவோடு கவர் லெட்டரும் வேண்டுமாம். திருவேற்காட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல் வீட்டில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவளிடம் சரிபார்க்கக் கொடுத்தேன்.

நான் எழுதியிருந்தது இரண்டரைப் பக்கம். அதில் பெரும்பகுதி எங்கள் கடையில் பாத்திரப் பிரிவை மூடிய கதை. முதலாளி அந்தத் தளத்தை மூடிவிட்டு, அங்கிருந்த பெண்களை அனுப்பும் பொறுப்பை என் தலையில் கட்டினார். நான் அவர்களிடம் பேசுவதற்கு முன்னால் ஊரெல்லாம் போன் போட்டேன். முகப்பேரில் ஒரு சூப்பர் மார்க்கெட், சென்னீர்குப்பத்தில் ஒரு குடோன், ஒரு மருந்துக்கடை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். வயதான ஒரு அம்மாவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவரை நானே பஸ்ஸில் அழைத்துப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்த்துவிட்டு வந்தேன். போக இடம் பார்த்து வைத்த பிறகுதான், பிரிவை மூடுகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மேல் வீட்டுப் பெண் படித்துவிட்டுப் பக்கங்களை எண்ணிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க அக்கா. ஆனா இது கதை மாதிரி இருக்குது. கவர் லெட்டர்னா ஒரே பக்கந்தாங்க. அவங்களுக்குப் படிக்க நேரமிருக்காது. ரிசல்ட் என்னன்னு மட்டும் சொன்னாப் போதும்."

அவள் கை வைத்ததும் கடிதம் இளைத்து அழகாகிவிட்டது. தலைப்பில் என்ன வேலைக்கு விண்ணப்பம் என்பது. அடுத்த பத்தியில், கடையில் நான் செய்த ஒவ்வொன்றும் எச்.ஆர். வேலையில் எதற்கு உதவும் என்பது. ஷிப்ட் போட்டது ஆள் திட்டமிடலாயிற்று, லீவு சண்டை குறை தீர்ப்பாயிற்று. பாத்திரப் பிரிவு ஒரே வாக்கியத்தில் அடங்கியது: 'ஒரு பிரிவு மூடப்பட்டபோது, அதன் ஊழியர்கள் அனைவரும் எந்தத் தகராறும் இன்றி வெளியேறுவதை முன்னின்று நடத்தினேன்.' அதில் பொய் ஒரு சொல் கிடையாது. படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். எச்.ஆர். தலைவர் என்னைவிட இளையவர், சிரித்த முகம். என் கடிதத்தில் அந்த ஒரு வாக்கியத்தின் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"யாரும் லேபர் ஆபீசுக்குப் போகலையா மேடம்?"

"இல்ல சார்."

"யூனியன், வக்கீல் நோட்டீஸ், அந்த மாதிரி?"

"எதுவும் இல்ல சார். ஏன்னா நான் முன்னாடியே அவங்க எல்லாருக்கும்..."

"போதும் மேடம், புரிஞ்சிது. இந்தத் தெறம படிச்சு வராது" என்று கோப்பை மூடினார்.

நான் சொல்லவந்த மீதி வாய்க்குள்ளேயே நின்றது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

முதல் சில வாரங்கள் சுகமாகத்தான் போயின. சக்கரம் வைத்த நாற்காலி, ஏ.சி., ஞாயிற்றுக்கிழமை லீவு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கால் வீக்கம் வடிந்தது. பிறகு ஒருநாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு தயாரிப்பு லைனை ஓசூருக்கு மாற்றப்போகிறோம் என்றார். இங்கே அந்த லைனில் இருப்பவர்கள் பல வருஷம் வேலை செய்த பெண்கள். ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் தர வேண்டும், நஷ்ட ஈடு தர வேண்டும். அவர்களாகவே ராஜினாமா செய்தால் அந்தத் தொல்லை இல்லை. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று தமிழில் அச்சடித்த கடிதங்கள் தயாராக இருந்தன. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா கூப்ட்டு நீங்க பேசுங்க. இதுக்காகத்தான் உங்கள எடுத்தோம்" என்றார் அதே சிரித்த முகத்தோடு.

இது சட்டப்படி சரியில்லையே என்றேன். அவர்கள் விருப்பப்பட்டுப் போட்டால் சரிதான் என்றார். அப்படியானால் முதலில் அவர்களுக்கு வேறு இடம் பார்க்கிறேன், கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றேன். "மேடம், அது நம்ம வேலை இல்ல" என்றார். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் அந்தப் பெண்களின் வயதைக் கேட்டுவிட்டு, ஆள் வேண்டாம் என்றார்கள். கடைக்கே திரும்பிப் போகலாம் என்றால் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. வந்திருக்காவிட்டாலும் என் கால்கள் சம்மதித்திருக்காது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

மறுநாள் காலை முதல் ஆளை அனுப்பினார்கள். ஆவடியிலிருந்து வருகிறவர், என் வயதுதான் இருக்கும். விரல் நுனிகளில் பழைய காயத் தழும்புகள். கதவருகிலேயே நின்றார். என் முன்னால் அச்சடித்த கடிதம் கிடந்தது. எதிரில் என்னுடையதைப் போலவே ஒரு நாற்காலி.

"உக்காருங்கம்மா" என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"வாணாம் மேடம். உக்காந்தா கையெழுத்து கேப்பீங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க. நான் நின்னுகினே கேட்டுக்கறேன்."

கடையில் இருந்தவரை யாரையும் உட்காரச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததில்லை. அது கிடைத்து நான் சொன்ன முதல் ஆள் அவர்.

நானும் எழுந்து நின்றேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.